கழுத்து லேபிளை வெட்டினாலும் பக்க லேபிள் பேசும்

திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் வாங்கப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். துணி நன்றாக இருக்கும், தையலும் சுத்தமாக இருக்கும், ஆனால் கழுத்தில் இருக்க வேண்டிய லேபிள் மட்டும் பாதியில் நறுக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் பெயரின் மேல் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு இழுத்திருப்பார்கள். "இது எந்தக் கம்பெனிங்க?" என்று கேட்டால், "எக்ஸ்போர்ட் பீஸுங்க, லேபிள வெட்டாமத் தரக்கூடாதுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அவர் சொல்வதில் நியாயம் உண்டு. வெளிநாட்டு நிறுவனம் ஆர்டர் கொடுத்தால், சேதாரத்துக்கு ஈடுகட்டக் கம்பெனிக்காரர்கள் கொஞ்சம் கூடுதலாகவே வெட்டித் தைப்பார்கள். அனுப்பியதுபோக மிஞ்சுவது சர்ப்ளஸ். செக்கிங்கில் கழிந்தது செகண்ட்ஸ். ஆர்டரே ரத்தாகி மொத்த லாட்டும் நின்றுபோவதும் உண்டு. இவற்றை உள்ளூரில் விற்கும்போது பிராண்டுப் பெயரை எடுத்துவிட வேண்டும் என்று வாங்குபவர்கள் நிபந்தனை போடுவது வழக்கம். அதனால்தான் கத்தரி கழுத்துக்குப் போகிறது.

வாங்கியவர் வீட்டுக்கு வந்ததும் அந்த நறுக்கிய கழுத்தைப் படமெடுத்து, விவரம் தெரிந்த சொந்தக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இது என்ன பிராண்டு?" என்று கேட்கிறார். அங்கேதான் தவறு. படமெடுக்க வேண்டிய லேபிள் கழுத்தில் இல்லை. சட்டையை உள்பக்கம் திருப்பி, இடதுபக்கத் தையலில் கீழ்விளிம்புக்குச் சற்று மேலே பாருங்கள். வெள்ளை நாடாவில் பொடி எழுத்தில், சில நேரம் நாலைந்து பக்கமாக ஒரு லேபிள் தொங்கும். துவைக்கும் முறை சொல்வதால் 'வாஷ் கேர்' என்பார்கள். உடம்பில் உறுத்துகிறது என்று நாமே வெட்டி எறிகிற அந்தத் துண்டில்தான் விலாசம் இருக்கிறது.

அமெரிக்காவில் விற்கும் துணிமணியில் மூன்று விவரங்கள் கட்டாயம்: எந்த நார் எத்தனை சதவீதம், எந்த நாட்டில் தயாரானது, பொறுப்பேற்கும் நிறுவனம் எது. மூன்றாவதற்குப் பெயரை எழுதலாம், அல்லது அந்நாட்டு மத்திய வணிக ஆணையம் கொடுத்த பதிவு எண்ணை எழுதினால் போதும். இதுதான் ஆர்.என். எண். கனடாவில் இதே வேலையைச் செய்வது சி.ஏ. எண். இரண்டு நாட்டுக்கும் சேர்த்து அச்சிடும் பெரிய நிறுவனங்களின் லேபிளில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கும். இந்த எண்களைச் சரிபார்க்க யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. rn.ftc.gov என்ற தளத்தில் அமெரிக்க எண்ணைத் தட்டினால் நிறுவனத்தின் பெயரும் ஊரும் வந்துவிடும். கனடாவின் போட்டி ஆணையமும் இப்படி ஒரு தேடுபக்கம் வைத்திருக்கிறது.

ஒரு லேபிளை எடுத்துக்கொள்வோம். நூறு சதவீதம் பருத்தி, மேட் இன் இந்தியா, ஆர்.என். 54023, சி.ஏ. 17897 என்று இருக்கிறது. அதன் கீழே ஆறு இலக்கத்தில் ஒரு எண், பக்கத்தில் எஸ்.பி. என்ற எழுத்துகளும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும். முதல் இரண்டு எண்களும் அமெரிக்காவின் கேப் நிறுவனத்துடையவை. ஆறு இலக்கம் ஸ்டைல் எண், அதாவது அந்த மாடலுக்கு அவர்கள் வைத்த அடையாளம். எஸ்.பி. என்பது வசந்தகாலச் சரக்கு, எஃப்.ஏ. என்றிருந்தால் இலையுதிர்காலச் சரக்கு. கழுத்து லேபிள் போயிருந்தாலும் யார் ஆர்டர், எந்தப் பருவத்துச் சரக்கு என்பதுவரை வந்துவிட்டோம்.

ஆனால் இன்னும் பிராண்டு தெரியவில்லை. கேப் நிறுவனத்தின் கையில் கேப் என்ற கடையும் இருக்கிறது, அதைவிட விலை குறைந்த ஓல்ட் நேவியும் இருக்கிறது. இரண்டின் லேபிளிலும் இதே எண்தான் வரும். ஒரே கம்பெனியின் எண் என்பதற்காக இரண்டும் ஒரே துணி என்று நினைத்தால் ஏமாறுவோம். இங்கே உதவுவது ஸ்டைல் எண். அதை நிறுவனத்தின் பெயரோடு சேர்த்துத் தேடினால், யாரோ பழைய சட்டையை விற்பனைக்கு வைத்த பக்கத்தில் அதே எண், அதே நிறம், வெட்டப்படாத கழுத்து லேபிளோடு அகப்படுவது உண்டு. அகப்படாவிட்டால் 'கேப் குழுமத்தின் ஏதோ ஒரு பிராண்டு' என்பதோடு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை.

ஆர்.என். எண்ணை வைத்து மேலும் பலவற்றைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். எண் பெரியதாக இருந்தால் புதிய சட்டை என்பார்கள். அந்த எண்கள் வரிசையாகக் கொடுக்கப்பட்டவை என்பது சரி. ஆனால் அது நிறுவனம் பதிவான காலத்தைத்தான் காட்டும், சட்டை தைத்த காலத்தை அல்ல. நைக்கியின் எண் 56323. போன மாதம் தைத்த நைக்கி சட்டையிலும் அதேதான் இருக்கும். எந்த ஆலையில் தைத்தது என்பதும் அந்த எண்ணிலிருந்து தெரியாது. பதிவு செய்திருப்பது பெரும்பாலும் அமெரிக்காவில் இறக்குமதி செய்யும் நிறுவனம். அவிநாசி ரோட்டில் தைத்துக் கொடுத்தவர் அதில் வரமாட்டார். தரத்துக்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. பதிவு கொடுக்கும் ஆணையம் துணியைத் தொட்டுப் பார்ப்பதில்லை.

ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கில் இப்படி ஒரு எண் கிடையாது. அங்கே நார் விவரத்தை விற்கும் நாட்டின் மொழியில் சொல்ல வேண்டும். அதனால்தான் அந்த லேபிள்கள் பத்துப் பதினைந்து மொழிகளில் பஞ்சாங்கம்போல் நீள்கின்றன. 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய பாதுகாப்பு விதியின்படி உற்பத்தியாளரின் பெயர், முகவரி, ஐரோப்பாவில் பொறுப்பேற்பவர் யார் என்பதெல்லாம் பொருளோடு வர வேண்டும். ஆகவே புதிய சரக்கில் தேடினால் ஒரு முகவரி கிடைக்கலாம். பழையதில் வடிவமைப்பையும் ஸ்டைல் எண்ணையும் வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

உள்ளூர் பிராண்டுகளில் பாடு குறைவு. அட்டையில் தயாரித்தவர் அல்லது விற்பனை செய்பவர் பெயரும் முகவரியும் இருக்கும். இந்த இரண்டும் வேறு வேறு ஆட்களாக இருக்கலாம் என்பதை மட்டும் கவனியுங்கள். பார்கோடு 890 என்று தொடங்கினால் இந்தியாவில் தயாரானது என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். பார்கோடு பதிவை இந்தியாவில் வாங்கிய நிறுவனம் என்பதுதான் அதன் பொருள். துணி பங்களாதேஷிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

இனி, லேபிள் அசல்தானா என்ற கேள்வி. சர்ப்ளஸுக்கு மதிப்பு இருப்பதால், உள்ளூர்த் துணியில் வெளிநாட்டு லேபிளை ஒட்டி விற்பதும் நடக்கிறது. எண்ணை அச்சடிப்பது சிரமமில்லை. தையல்தான் காட்டிக்கொடுக்கும். கம்பெனியில் பக்கத் தையலை ஓவர்லாக் மிஷினில் ஓட்டும்போதே வாஷ் கேர் லேபிளை இரண்டு துணிக்கும் நடுவே வைத்து ஒரே ஓட்டத்தில் பிடித்துவிடுவார்கள். லேபிளின் அடிப்பகுதி தையலுக்குள் புதைந்திருக்கும். பின்னால் சேர்த்த லேபிளோ முடிந்துபோன தையலின் மேல் தனியாக ஒரு ஊசித் தையலில் நிற்கும். அந்த நூலின் நிறமும் பெரும்பாலும் ஒத்துவராது. அந்த இடத்தில் ஓவர்லாக் பிரிக்கப்பட்டு மறுபடி தைக்கப்பட்டிருந்தாலும் சந்தேகப்படலாம். அதன்பிறகு, எண் சொல்லும் நிறுவனமும் கழுத்தில் உள்ள பெயரும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். கழுத்தில் ஒரு விளையாட்டு பிராண்டும், பக்க லேபிளில் சம்பந்தமில்லாத இன்னொரு நிறுவனத்தின் எண்ணும் இருந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை.

படம் எடுப்பதிலும் கொஞ்சம் கவனம் தேவை. லேபிளைத் தட்டையாக விரித்து, எல்லாப் பக்கங்களையும் முன்னும் பின்னும் எடுக்க வேண்டும். ஃபிளாஷ் போட்டால் பளபளப்பான நாடாவில் எழுத்து மறைந்துவிடும். ஜன்னல் ஓரமாக வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எடுத்தால் அழிந்துபோன அச்சுகூட எழும்பித் தெரியும். துவைத்துத் துவைத்து ஒரு இலக்கம் மட்டும் அழிந்திருந்தால் விட்டுவிடாதீர்கள். பூஜ்யம் முதல் ஒன்பது வரை பத்து வாய்ப்புகள்தானே. ஒவ்வொன்றாகத் தளத்தில் தட்டிப் பார்த்தால், பின்னலாடையோடு சம்பந்தமுள்ள பெயர் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். மூன்றையும் எட்டையும், ஆறையும் எட்டையும் மாற்றிப் படிப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

இதுவரை பார்த்ததெல்லாம் யார் ஆர்டர் என்பது. துணி எப்படி என்று லேபிள் சொல்லாது. 'நூறு சதவீதம் பருத்தி' என்பது நாரின் பெயர் மட்டுமே. நூற்றைம்பது ரூபாய் பனியனும் நூறு சதவீதம் பருத்திதான், ஆயிரத்தைநூறு ரூபாய் டி-சர்ட்டும் அதுதான். ஓயெகோ-டெக்ஸ் முத்திரை இருந்தால், கேடான ரசாயனங்கள் வரம்புக்குள் இருக்கின்றனவா என்று சோதித்திருக்கிறார்கள் என்று பொருள். அதற்கும் துணி எத்தனை நாள் உழைக்கும் என்பதற்கும் தொடர்பில்லை.

துணியின் தரம் பற்றிக் கடையில் அடிக்கடி அடிபடும் சொல் ஜி.எஸ்.எம். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதே அது. கம்பெனியில் வட்டமாக ஒரு துண்டை வெட்டி எடை போடுவார்கள். வாங்கிய சட்டையில் யாரும் வட்டம் வெட்டப்போவதில்லை. சமையலறைத் தராசு இருந்தால் ஓரளவு கணக்கிட்டுவிடலாம். மார்பு அகலம் 52 சென்டிமீட்டர், உயரம் 71 என்று வைத்துக்கொள்வோம். முன்னும் பின்னுமாக 0.74 சதுர மீட்டர். கை ஒவ்வொன்றும் 20க்கு 20, இரண்டு அடுக்கு. இரு கைக்கும் சேர்த்து 0.16. கழுத்துக்கும் தோள் சரிவுக்கும் கொஞ்சம் கழியும், ஆனால் விளிம்புகளில் மடித்துத் தைத்தது ஏறக்குறைய அதை ஈடுகட்டிவிடும். மொத்தம் 0.90. சட்டை 158 கிராம் இருந்தால் ஜி.எஸ்.எம். சுமார் 175. கடைக்காரர் 180 என்று சொல்லியிருந்தால் சண்டை போட வேண்டியதில்லை. பருத்தி காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதால் மழைக்காலத்தில் எடையே சற்று மாறும். அவர் 220 என்று சொல்லியிருந்தால் கேள்வி கேட்கலாம். பெரிய அச்சுப்படம் இருக்கும் சட்டைக்கு இந்தக் கணக்கு செல்லாது. படத்தின் பசைக்கும் எடை உண்டு.

எடை கூடினால் தரம் கூடும் என்பது பாதி உண்மை. மொத்தமான, மட்டமான நூலை நெருக்கிப் பின்னினாலும் ஜி.எஸ்.எம். ஏறிவிடும். அடுத்து நூலைப் பார்க்க வேண்டும். நூற்பாலையில் பஞ்சைச் சிக்கெடுத்ததோடு விட்டால் அது கார்டட் நூல். அதற்குமேல் சீவி, குட்டை நார்களை வெளியே தள்ளினால் கோம்ப்டு நூல். நூறு கிலோவில் பதினைந்து கிலோவோ அதற்கு மேலோ கழிந்துபோகும். விலை கூடுவது அதனால்தான். சட்டையை ஒரு அடுக்காக ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வரிகள் சீராக ஓடினால் நல்லது. தடித்தும் மெலிந்தும் மேகம்போல் திட்டுத்திட்டாகத் தெரிந்தால், நடுநடுவே சின்னச் சின்ன முடிச்சுகள் இருந்தால், குட்டை நார் உள்ளேயே இருக்கிறது என்று பொருள். அந்த நார்கள்தான் நாலு துவைப்புக்குப் பிறகு வெளியே வந்து, அக்குளிலும் வயிற்றிலும் உருண்டைகளாகத் திரளும்.

கையால் தடவிப் பார்த்து முடிவெடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. புதுத் துணியின் வழவழப்பு பல நேரம் துணியுடையதல்ல, கடைசியாகப் போட்ட சிலிகான் சாஃப்ட்னருடையது. சில துவைப்புகளில் அது போய்விடும். சந்தேகம் இருந்தால் உள்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே பரவினால் பருத்தி பருத்தியாகவே இருக்கிறது. முத்துபோல் நின்றால் மேலே பூச்சு இருக்கிறது. பயோ வாஷ் என்பது வேறு. நொதியைக் கொண்டு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைத் தின்னவைப்பது. அதன் மென்மை நீடிக்கும். ஆனால் அளவுக்கு மீறிப் போட்டால் நூலின் பலமும் கொஞ்சம் போகும்.

துவைத்த பிறகு பக்கத்தையல் வயிற்றுப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வருவதைப் பலர் பார்த்திருப்பார்கள். தையல்காரர்மேல் பழிபோடுவது வழக்கம். குற்றவாளி அநேகமாக நூலின் முறுக்கு. ஒரே திசையில் அதிகமாக முறுக்கிய நூலைச் சிங்கிள் ஜெர்சியாகப் பின்னும்போது அந்த முறுக்கு பிரிய முயல்கிறது. ஆலையில் துணியை இழுத்து அழுத்தி நேராக்கி அனுப்புகிறார்கள், தண்ணீர் பட்டதும் அது தன் போக்குக்குத் திரும்புகிறது. சட்டையைத் துவைத்துக் காயவைத்துத் தரையில் பரப்பி, பக்கத்தையலின் அடிமுனை ஓரத்திலிருந்து எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளக்கலாம். 70 சென்டிமீட்டர் உயரத்துக்கு மூன்றரை நகர்ந்தால் ஐந்து சதவீதம். பல வாங்குபவர்கள் ஏற்கும் எல்லை அந்த அளவுதான். சுருக்கமும் இப்படியே: புதுசாக இருக்கும்போது உள்பக்கம் 50 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளி வைத்து, துவைத்தபின் அளந்தால் தெரிந்துவிடும். 47 ஆகியிருந்தால் ஆறு சதவீதம் சுருங்கியிருக்கிறது. காம்பாக்டிங்கைச் சரியாகச் செய்யாத துணியில்தான் இது அதிகம்.

பருத்திதானா என்றே சந்தேகம் வந்தால் எரித்துப் பார்க்கலாம். தையல் நூலை உருவக்கூடாது. பருத்திச் சட்டையிலும் அது பெரும்பாலும் பாலியஸ்டர்தான். உள்மடிப்பிலிருந்து துணியின் சின்னத் துணுக்கை வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தட்டின் மேல் பற்றவையுங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலாகும். பாலியஸ்டர் தீயைக் கண்டதும் சுருண்டு உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். கலப்பில் இரண்டும் சேர்ந்து, சாம்பலுக்குள் நறநறப்பு இருக்கும். விஸ்கோஸ் கலந்திருந்தால் இந்தச் சோதனை கைகொடுக்காது. அதுவும் பருத்தியைப் போலவே எரியும்.

காலுறை விஷயம் வேறு மாதிரி. காட்டன் சாக்ஸ் என்று கேட்டு வாங்கினாலும், அது முழுக்கப் பருத்தியாக இருக்காது, இருக்கவும் கூடாது. எண்பது சதவீதம் பருத்தி, மீதி நைலானும் இரண்டு மூன்று சதவீதம் எலாஸ்டேனும் என்பது நல்ல கணக்கு. வெறும் பருத்திக் குதிகால் சீக்கிரம் ஓட்டையாகும், கணுக்காலில் நிற்காமல் சரியும். ஆகவே சட்டையில் கலப்பு இருந்தால் முகம் சுளிப்பவர்கள் சாக்ஸில் அதைத் தேட வேண்டும். விரல்களை உள்ளே விட்டுக் குதிகாலை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள்; பாதத்தின் மற்றப் பகுதியைவிட அங்கே அடர்த்தி கூடியிருக்க வேண்டும். விரல் நுனியில் இணைப்புத் தையலை உள்பக்கம் தடவுங்கள். தடித்த வரப்புபோல் இருந்தால் ஷூவுக்குள் நாள் முழுக்க உறுத்தும். தட்டையாக, கண்ணி கண்ணியாக இணைத்திருந்தால் செலவு செய்து செய்திருக்கிறார்கள். மேல்பட்டையை இரண்டு மடங்கு இழுத்து விட்டதும் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும்.

பிராண்டைக் கண்டுபிடிப்பதில் சாக்ஸ் கையை விரித்துவிடும். ஆர்.என். எண்ணும் நார் விவரமும் ஜோடியைச் சுற்றிய அட்டையில்தான் இருக்கும், காலுறையிலேயே லேபிள் தைப்பதில்லை. அட்டை போனால் மிஞ்சுவது பாதத்தில் பின்னிய சின்ன முத்திரையும் அளவு எண்ணும்தான். முத்திரையும் இல்லாவிட்டால் எந்தப் படத்தை வைத்தும் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பிடித்துப்போன ஜோடியை மறுபடி வாங்க நினைப்பவர், கிழிக்கும் முன்பே அந்த அட்டையை இரண்டு பக்கமும் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.